உயிரோடிருந்த அம்மாவுக்கு ஒரு நிமிட மௌனம்

என் அம்மாவை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு படம், இரண்டு முழம் மல்லிகை, படத்துக்கு அடியில் மூன்று வரி. அவ்வளவுதான் தேவைப்பட்டது. பட்டப்பகலில், தேனி தேவாலயத்தில், சனமெல்லாம் எழுந்து நின்று தலைகுனிய, என் வீட்டுக்காரர் ஆர்மோனியம் வாசிக்க, அம்மா போய்ச் சேர்ந்தாள். அந்தக் கூட்டத்தில் அம்மாவும் ஒருத்தியாக நின்று தலைகுனிந்தாள் என்பதுதான் இதில் விசேஷம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்காகப் போடி ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போவதற்கு முந்தைய காலம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. ஆசிரியப் பயிற்சி முடித்தவள். (இதை அந்த நாளில் நான் சந்திக்கிற எல்லாரிடமும் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவேன். கீரைக்காரிக்குக்கூடத் தெரியும்.) என் வீட்டுக்காரர் தேனியில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பார். சாதுவான மனிதர். யார் எதைச் செய்யச் சொல்லிக் கை காட்டினாலும் செய்துவிடுவார். இது பின்னால் முக்கியமாக வரும்.

என் பிறந்த வீடு போடி. அப்பாவுக்குக் கடைவீதியில் ஏலக்காய்க் கடை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு காயை விரலால் நசுக்கி மோந்து பார்த்து, அது எந்த மலையில் விளைந்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவாள். அப்பாவே சந்தேகம் வந்தால் ஒரு கை ஏலக்காயை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். இப்படிப்பட்டவளுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டியவள் நான்.

தலைப்பிரசவத்துக்குப் போடிக்குப் போனேன். மார்கழி மாதம் பையன் பிறந்தான். நான் போகும்போதே டிரங்குப் பெட்டியில் இரண்டு சாமான்களை மறக்காமல் எடுத்துப் போயிருந்தேன். ஒன்று, மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியம்மாள் கொடுத்த குழந்தை வளர்ப்புப் புத்தகம். இன்னொன்று, என் வீட்டுக்காரரின் டைம்பீஸ். குழந்தைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால் கொடுக்க வேண்டும், நடுவில் அழுதால் அழவிட வேண்டும், தூக்கினால் கெட்டுப்போகும் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தக் காலத்தில் படித்தவர்களிடையே அதுதான் நாகரிகம். ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து என்று ஒரு அட்டையில் எழுதித் தொட்டிலுக்கு மேலே மாட்டிவிட்டேன். பையனுக்கு அப்போது ஒன்பது நாள் வயது.

ஒன்பது மணிக்கே அவன் அழ ஆரம்பிப்பான். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வருவாள், ஒரு கையில் பூண்டு உரித்த தோலோடு.

"அழுகுறான் பாரு. எடுத்துக் குடு ஆத்தா."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்மா."

"எதுக்கு?"

"பத்து மணிக்கு."

அம்மா தொட்டிலைப் பார்த்தாள், டைம்பீஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏண்டி, பச்சைப் பிள்ளைக்கு மணி பாக்கத் தெரியுமா?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும். இன்றும் வரும், அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக வந்தது. நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அவனைத் தூக்கித் தட்டிக்கொடுத்தாள், காய்ச்சிய வெந்நீரைத் துணியில் நனைத்து நாக்கில் தடவினாள், எனக்குப் பால் ஊற வேண்டுமென்று சுறாப்புட்டும் பூண்டுக் குழம்புமாக ஆக்கிப் போட்டாள். நான் ஒவ்வொன்றையும் புத்தகத்தில் தேடி, இல்லையென்று அவளுக்குக் காட்டினேன். படிக்கத் தெரியாதவளுக்குப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். என்ன திமிர் பாருங்கள்.

இருபத்தோராம் நாள் அது முற்றியது. பையன் தொண்டை கிழிய அழுகிறான், அம்மா தூக்கப் போகிறாள், நான் குறுக்கே நிற்கிறேன். "நாலு பெத்தவடி நான், எனக்குத் தெரியாதா?" என்றாள். அதற்கு நான் சொன்னேன்: "நாலு பெத்து ரெண்டைப் பறிகொடுத்தவதானே. எனக்கு நீ ஒண்ணும் சொல்லித் தர வேணாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. எனக்கும் என் தம்பிக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள். ஒன்று பதினெட்டு நாள், ஒன்று ஏழு மாதம். வீட்டில் அவர்களைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அம்மா பையனைத் தொட்டிலில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் மீதிப் பூண்டை உரித்தாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் மறுநாள் காலை ரயிலில், மூன்றாம் மாதம் முறையாகக் கொண்டுவந்து விடவேண்டிய பிள்ளையை இருபத்திரண்டாம் நாளே தூக்கிக்கொண்டு தேனிக்கு வந்துவிட்டேன். அப்பாதான் ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். அம்மா வாசலில் நின்றாள், அவ்வளவுதான்.

தேனியில் என் ராஜாங்கம் மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் பையன் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுச் செல்லம்மா மதினி, "ஏன் டீச்சரு, புள்ளைய அடிக்கிறீகளா?" என்று கேட்டு வந்துவிட்டார். (பலசரக்குக் கடைக்காரர் மனைவி, அவர் கேட்டால் தெருவே கேட்ட மாதிரி.) மதினி போன பிறகு நான் அவனை மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். மணி எட்டே முக்கால். அவன் குடித்த வேகத்தையும், குடித்துவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியதையும் பார்த்தபோது, பசித்த பிள்ளையை இத்தனை நாள் கெடு வைத்துக் காக்கப் போட்டிருக்கிறேன் என்று புரிந்தது. டைம்பீஸை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தேன். அடுத்த நாள் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனார்.

அதற்குப் பிறகு அம்மாவின் ஞாபகம் வராத வேளை கிடையாது. இந்த ஒன்று அழுதாலே எனக்கு உயிர் போகிறது, அவள் இரண்டை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு எப்படி நின்றிருப்பாள்? போய்க் காலில் விழலாம். ஆனால் எந்த முகத்தோடு? கடிதம் போட்டால் அப்பாதான் வாசித்துக் காட்ட வேண்டும். நான் சொன்ன வார்த்தை அப்பாவுக்குத் தெரியாது. அம்மா சொல்லியிருக்கமாட்டாள். இப்படியே சித்திரை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் துரைசானியம்மாள் தாயார் ஞாயிறு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய ஊரில் மே மாதம் இரண்டாம் ஞாயிறு அப்படிக் கொண்டாடுவார்களாம். வழக்கமாகச் சித்திரை வெயில் தொடங்கியதும் கொடைக்கானலுக்கு ஏறிவிடுகிறவர், அந்த வருஷம் இதற்காகவே கீழே இருந்தார். ஏற்பாடு இதுதான்: கல்யாணமான பெண்கள் அவரவர் தாயார் படத்தைக் கொண்டுவர வேண்டும். படத்துக்கு அடியில் ஒட்ட ஒரு சீட்டு, அதில் தாய்க்கு மகள் எழுதிய ஒரு வரி. ஆராதனையில் எங்கள் சபைப் போதகரான ஐயர் ஒவ்வொரு படமாக எடுத்து அந்த வரியை உரக்க வாசிப்பார். தாயார் உயிரோடு இருந்தால் படத்தில் சிவப்புப் பூ. அவர் வந்திருந்தால் எழுந்து நிற்பார், எல்லாரும் கைதட்டுவார்கள். தாயார் காலமாகியிருந்தால் வெள்ளைப் பூ. அவருக்காக ஒரு நிமிடம் மௌனம்.

இதைத் தமிழில் எழுதிச் சபையில் வாசித்தது யார் தெரியுமா? நான்தான். இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் விடமாட்டார்.

வரியை உரக்க வாசிப்பார்கள் என்றதும் எனக்கு வழி கிடைத்துவிட்டது. அம்மா படிக்க வேண்டியதில்லை, அப்பா படித்துக் காட்ட வேண்டியதுமில்லை. வந்து உட்கார்ந்து கேட்டால் போதும். அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டேன்: இந்த ஞாயிறு இங்கே விசேஷம், அம்மாவை அவசியம் அனுப்பவும். பதில் வரவில்லை.

முதலில் எழுதியது பதினாறு வரி. தியாகச் சுடரே என்று ஆரம்பித்துத் தெய்வமே என்று முடிந்தது. துரைசானியம்மாள் அதை வாசித்துவிட்டு, "மிகவும் நன்று. இது யாருடைய தாயார்?" என்று கேட்டார். புத்தகத் தமிழில்தான் பேசுவார், அதனால் கேலி செய்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்கவே முடியாது. "இதை எவர் படத்தின் கீழும் ஒட்டலாம். உன் தாயார் செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல். வீட்டில் அவரிடம் பேசுவதைப் போல் பேசு. படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசித்து முடித்துவிட வேண்டும், அவ்வளவு சிறியதாக இருக்கட்டும்."

இரண்டாவதாக எழுதியதை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். நானும் தாயாகிவிட்டேன், நான் பட்ட வேதனையில் உன்னை நினைத்தேன், நான் இனி உன்னைப் போல் நடப்பேன் என்று போனது. அவர் விரல்விட்டு எண்ணினார். "ஏழு 'நான்' வருது, ஒரு அம்மா வருது," என்றார். அன்றைக்குச் சாப்பாடு தாமதமானது.

ஆனால் அவர் சொன்னது சரி. புதிதாகப் பிள்ளை பெற்றவள் அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தால் இதுதான் ஆபத்து. நமக்கு நடந்ததுதான் உலகத்திலேயே முதல் பிரசவம் என்ற நினைப்பில் எழுதுவோம். பிள்ளை பிறந்தது வரியில் இருக்க வேண்டும், அதனால்தானே புத்தி வந்தது. ஆனால் வாசலாக இருந்தால் போதும், உள்ளே அம்மாதான் இருக்க வேண்டும். மூன்றாம் முறை நடந்ததை எல்லாம் விளக்கினேன், அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி வந்தது. அடித்து அடித்துக் கடைசியில் நின்றது இதுதான்:

"அம்மா, என் பிள்ளை அழுத பிறகுதான் உன்னைத் தெரிந்துகொண்டேன். நீ இல்லாத இந்த வீட்டில் கடிகாரம்கூட ஓடவில்லை. என்னை மன்னித்துவிடு."

ஒரு வரி மூன்றாகிவிட்டது. துரைசானியம்மாள் இந்தத் தடவை எதையும் வெட்டச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இனி படம். அம்மா தனியாகப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. என் கல்யாணத்தில் எடுத்த கூட்டுப் படம் ஒன்று இருந்தது. பின்வரிசையில் இரண்டு தலைப்பாகைகளுக்கு நடுவில் அம்மா. அதைத் தேனி கடைவீதியில் இருந்த படக்காரரிடம் கொண்டுபோய், இவர்களை மட்டும் பெரிசாக்கிக் கொடுங்கள் என்றேன். எங்கள் பக்கத்தில் கூட்டுப் படத்திலிருந்து ஒரு ஆளை மட்டும் எடுத்துப் பெரிசாக்குகிறார்கள் என்றால் அந்த ஆள் இப்போது இல்லை என்று அர்த்தம். படக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. என் மடியிலிருந்த கைக்குழந்தையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். நான்கு நாள் கழித்துப் படத்தை வாங்கினால், இரண்டு தலைப்பாகையும் காணாமல் போய் அந்த இடத்தில் வெள்ளை மேகமாக வரைந்திருந்தார். அம்மா மேகத்துக்கு நடுவில் மிதந்துகொண்டிருந்தாள். தலைப்பாகையை மறைக்க அவ்வளவு அழகாக யோசித்திருக்கிறாரே என்று நான் மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சட்டத்தின் மூலையில் சிவப்புக் காகிதப் பூவைச் செருகினேன், சட்டப்படி. அந்த வெயிலுக்கு ரோஜா எங்கே கிடைக்கும்? ஆனால் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால் என்னவோ குறைந்தது. பூ வைக்காத தலையோடு அம்மாவை நான் பார்த்ததே இல்லை. செல்லம்மா மதினி அப்போதுதான் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்திருந்தார். அம்மாவுக்கு மல்லிகை என்றால் உயிர். அதை வாங்கிச் சட்டத்தைச் சுற்றிச் சாத்தினேன். மூலையில்தான் சிவப்புப் பூ இருக்கிறதே, அது போதாதா?

ஒன்பது மணி ரயில் நேரம் கடந்தும் அம்மா வரவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டு வந்த என் வீட்டுக்காரர், "ரயிலே இன்னும் வரலை," என்றார். தாமதமா, வரவேமாட்டாளா? தேவாலயத்துக்குப் போய், பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னாலிருந்த மேசையில் படத்தை வைத்தேன். வாசலைப் பார்த்தபடியே வைத்தேன். அதனால்தான், வைத்த அந்த நொடியில் என் இடுப்பிலிருந்தவன் மூலையிலிருந்த சிவப்புப் பூவைப் பிடுங்கியதை நான் பார்க்கவில்லை.

எங்கள் ஐயர் ஊரில் இல்லை. மதுரைப் பக்கமிருந்து புதிதாக ஒரு இளம் ஐயர் வந்திருந்தார். தேனியில் அவருக்கு ஒருவரையும் தெரியாது, பூவை மட்டும்தான் தெரியும். முதல் படத்தை எடுத்தார், சிவப்பு. ஒரு பாட்டியம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்தார், கைதட்டினார்கள். இரண்டாவது வெள்ளை, எழுந்து நின்றோம். அம்மா இன்னும் வரவில்லை. குனிந்து பையனைப் பார்த்தேன். வாயெல்லாம் ரத்தம்.

கத்தாமல் எழுந்து வெளியே ஓடினேன், அது மட்டுமே என் பயிற்சியின் பயன். தேவாலயத்துக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாயில் விரலைவிட்டுப் பார்த்தால், சிவப்புக் காகிதம். இதழ் இதழாக வருகிறது. சாயம் என் புடவையெல்லாம் இறங்கிவிட்டது. வாயைத் துடைத்ததும் அவன் பசியில் வீறிட்டான். மார்பில் போட்டேன். காகிதத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இது எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தேன். அப்போதும் உறைக்கவில்லை. ஜன்னல் வழியாக ஐயர் குரல் வந்தது:

"அம்மா, என் பிள்ளை அழுத பிறகுதான் உன்னைத் தெரிந்துகொண்டேன். நீ இல்லாத இந்த வீட்டில்..."

அங்கே அவர் குரல் தழுதழுத்தது. நல்ல மனிதர். மேகத்தைப் பார்த்தார், மல்லிகையைப் பார்த்தார், வரியைப் படித்தார். வேறு என்ன நினைப்பார்? "கைக்குழந்தையோடு தாயை இழந்து நிற்கிற நம்முடைய இந்தச் சகோதரிக்காக, அவளுடைய தாயாரின் நினைவுக்காக, எல்லாரும் எழுந்து நிற்போம்," என்றார்.

பாய் சரசரக்க எல்லாரும் எழுந்தார்கள். நான் ஜன்னலுக்கு ஓடினேன். பையன் மார்பை விடவில்லை, ஜன்னலுக்கு நேராகப் போகவும் முடியாது, ஓரமாக எட்டிப் பார்த்தேன். ஐயர் கண்ணை மூடியிருந்தார். மௌனத்தில் யாரும் மூச்சுவிடக்கூடாது என்று வாரா வாரம் ஞாயிற்றுப் பள்ளியில் மிரட்டுகிறவள் நான். எப்படிக் கூப்பாடு போடுவது? என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவராவது சொல்லமாட்டாரா? அவர் வாயைத் திறந்தார். அதே சமயம் ஐயர் கண்ணைத் திறக்காமலே அவர் பக்கம் கையைக் காட்டினார். என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு, தன் மாமியாருக்கு, அடக்க ஆராதனையில் வாசிக்கிற பாட்டை ஆர்மோனியத்தில் வாசித்தார்.

("ஐயர் கை காட்டினாக, நான் என்ன செய்ய?" என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.)

அப்போதுதான் பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் அந்தத் தலையைப் பார்த்தேன். மூன்று சுற்று மல்லிகை. ரயில் தாமதமாகி, நான் வெளியே ஓடிய பிறகு உள்ளே வந்திருக்கிறாள். பக்கத்தில் செல்லம்மா மதினி. எல்லாரையும்விட நன்றாகத் தலைகுனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய அம்மா தனக்காக மௌனமாக நின்றுகொண்டிருந்தாள். முன்னால் இருந்த படம் அவளுக்குத் தெரியாது, கண்ணுக்கு எட்டாது. மதினிக்கு எட்டும். மதினி படத்தைப் பார்க்கிறார், அம்மாவைப் பார்க்கிறார், மறுபடி படத்தைப் பார்க்கிறார்.

பாட்டு முடிந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மதினியிடம் கேட்டது ஜன்னல் வரைக்கும் கேட்டது.

"பாவம். யாரு போனாக?"

"நீங்கதான்," என்றார் மதினி.

அம்மாவுக்கு ஒரு கணம்தான் ஆயிற்று. பாய்களைத் தாண்டி நடுவழியில் நடந்து மேசைக்குப் போனாள். படத்துக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் தன்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "ஐயரே, நான் இங்கனதான் இருக்கேன். ரயிலுதான் லேட்டு," என்றாள்.

முதலில் சிரித்தது யாரென்று எங்களுக்குள் கடைசிவரை தகராறு. துரைசானியம்மாள்தான் என்பார் என் வீட்டுக்காரர். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அவர் மேசைக்குப் பின்னால் குனிந்துவிட்டார். ஐயர் பாவம், காது சிவந்து, "கைதட்டலாம்," என்று மட்டும் சொன்னார். அப்படியொரு கைதட்டல் அந்த ஞாயிறு யாருடைய அம்மாவுக்கும் கிடைக்கவில்லை.

அம்மா வேப்பமரத்தடிக்கு வந்தாள். புடவையெல்லாம் சிவப்புச் சாயமாக, பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு, நான் அழுதுகொண்டிருந்தேன். என்ன பேசுவது என்று ஒரு மாதமாக யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது.

"அம்மா, நான் வேணும்னு..."

"அந்தாளு வாசிச்சதை நீயா எழுதின?"

"ஆமா."

"கடிகாரம் ஏன் ஓடலை?"

"அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன்."

"அரிசியில கெடந்தா துரு ஏறாது. கெடக்கட்டும்," என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து பையனின் உள்ளங்காலைத் தடவினாள். நான் விட்டுவிடக்கூடாது என்று, "அன்னைக்கு அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா," என்றேன்.

அவள் அவன் உள்ளங்காலைத் தடவியபடியே சொன்னாள்:

"உள்ள எல்லாரும் எந்திரிச்சு நின்னாகள்ல. யாரோ ஒரு அம்மாவுக்குன்னு நெனச்சேன். எனக்கு அந்த அம்மாவைத் தெரியாதே, சும்மா எப்படி நிக்கிறதுன்னு, என் ரெண்டு பிள்ளையையும் நெனச்சுக்கிட்டு நின்னேன். அதுகளுக்குன்னு அன்னைக்கு யாரும் நிக்கலை ஆத்தா. பொதைச்சுட்டு வந்து சோறாக்கச் சொன்னாக. இன்னைக்கு இம்புட்டுச் சனம் நின்னுச்சு, மாப்பிள்ளை பாட்டு வாசிச்சாரு." மூக்கை உறிஞ்சினாள். "நல்லாத்தான் இருந்துச்சு."

பையன் பால் குடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் கையை நீட்டினாள், நான் கொடுத்தேன். எத்தனை மணி என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பேனாவை எடுக்கச் சொன்னாள். "அடியில எடம் இருக்குல்ல? இன்னும் இருக்கேன்னு எழுது. வர்றவுக போறவுக பயந்துக்கிறப் போறாக." எழுதினேன். மூன்று வரிக்கும் கீழே, கொஞ்சம் கோணலாக, 'இன்னும் இருக்கேன்.' துரைசானியம்மாள் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, நான்கு வரியில் அதுதான் சிறந்தது என்றார்.

அதன் பிறகு இருபத்தாறு வருஷம் அம்மா இருந்தாள். என் வீட்டுக்காரர் ஆர்மோனியத்தைத் திறந்தால், "மாப்பிள்ளை, எனக்கு வாசிச்சீகளே, அதை வாசிங்க," என்பாள். கம்பம், கூடலூர்ச் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தால், "எப்ப வந்தீக, மேலயிருந்து?" என்பார்கள். அவள் நிஜமாகவே காலமானபோது கம்பத்திலிருந்த சித்தப்பாவுக்குத் தந்தி கொடுத்தோம். நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்லவும் என்று பதில் தந்தி வந்தது. அந்த வீட்டில் அத்தனை துக்கத்திலும் அதைப் படித்து நாங்கள் சிரித்தோம். அடக்கத்தில் அதே பாட்டை என் வீட்டுக்காரர் வாசித்தார், இந்தத் தடவை யாரும் கை காட்டவில்லை. படத்துக்கடியிலுள்ள கடைசி வரியை அழித்துவிடலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன்.

இந்த வருஷம் என் மகளுக்குத் தலைப்பிரசவம். அவளும் படித்தவள், என்னோடு தினமும் சண்டைதான், அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளையோடு தன் ஊருக்குத் திரும்பிப் போனதும் தபாலில் என் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அவள் மடியில் பிள்ளையும் பக்கத்தில் நானுமாக இருந்த படத்திலிருந்து என்னை மட்டும் பெரிசாக்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் மேகத்தைத் தேடினேன். மேகம் இல்லை. மூலையில் சிவப்பு ரோஜா ஒன்றை ஒட்டியிருந்தாள். அடியில் அவள் கையெழுத்து:

"அம்மா, அழுதால் தூக்கிவிடுகிறேன். கடிகாரத்தை அரிசிப் பானையில் போட்டுவிட்டேன். இருக்கிறாய்தானே?"

ஒரே ஒரு 'நான்'கூட இல்லை. நான் பதினாறு வரியில் ஆரம்பித்துப் படாத பாடு பட்டதை எடுத்த எடுப்பிலேயே எழுதிவிட்டாள். ஒரு கார்டை எடுத்து இரண்டே வார்த்தை பதில் எழுதி, நானே நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்: இன்னும் இருக்கேன்.